புள்ளி போன தாள்: ஓர் எண் வகைப்படுத்தற் பயிற்சியின் ஆய்வு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், என் வீட்டு முன்னறையில் ஐந்து பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்கள். மெய்யெண்கள் பாடத்தை முடித்ததும் பன்னிரண்டு எண்கள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தேன். அந்தத் தாளைத் திருத்தியபோது நான் செய்த பிழையும், இரண்டு மாணவிகள் ஒரே மாதிரி எழுதிய விடைகளில் ஒருத்தியின் விடை சரியாகவும் மற்றவளின் விடை பிழையாகவும் இருந்த விதமும்தான் இங்கே நான் எழுதவந்த விடயம்.

தாளில் நான்கு நிரல்கள் இருந்தன: இயற்கை எண், முழு எண், விகிதமுறு எண், விகிதமுறா எண். ஓர் எண் எந்தெந்த நிரலுக்குப் பொருந்துகிறதோ அவை எல்லாவற்றிலும் சரி போடவேண்டும். முழு எண் என்றால் மறை எண்களையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. வீண் வாதம் வேண்டாமென்று தாளின் தலைப்பிலேயே "முழு எண்: 0, 1, 2, 3, …" என்று அச்சிட்டுவிட்டேன். அதனால் −4 விகிதமுறு நிரலில் மட்டும் வரும், 0 முழு எண்ணிலும் விகிதமுறு எண்ணிலும் வரும், 7 முதல் மூன்று நிரல்களிலும் வரும். இந்த மூன்றில் ஒருவரும் தடுக்கவில்லை. மீதி ஒன்பது இவை:

3/8, √16, √18, √2.25, 0.9̇, √0.4̇, 1/17, 22/7, 0.1010010001…

கடைசி எண்ணில் ஒவ்வொரு முறையும் 1-க்கு முன்னால் ஒரு பூச்சியம் கூடிக்கொண்டே போகும் என்று பக்கத்தில் எழுதியிருந்தேன். இலக்கத்தின் தலையில் உள்ள புள்ளி மீளும் தசமத்தைக் குறிக்கும். 0.9̇ என்றால் 0.9999 என்று ஒன்பது முடிவின்றி வருவது. 0.4̇ என்றால் 0.4444 என்று நான்கு முடிவின்றி வருவது.

ஐந்து பிள்ளைகளில் இருவரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒருத்தி வெள்ளவத்தைக்காரி, இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. மற்றவள் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். தாள் கொடுத்த அன்று கொட்டாஞ்சேனைப் பிள்ளை வரவில்லை. பிறகு யாரோ ஒரு தோழியிடம் தாளை வாங்கிப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டாள். அப்போது அது எனக்குத் தெரியாது.

விடைத்தாளை வைத்துக்கொண்டு திருத்தினேன். வெள்ளவத்தைக்காரிக்குப் பன்னிரண்டுக்கு ஒன்பது. அவள் பிழைவிட்டவை √2.25, 0.9̇, √0.4̇. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு எட்டு. அவள் பிழைவிட்டவை 0.9̇, √0.4̇, 1/17, 0.1010010001…. இரண்டு பேருமே 0.9̇-ஐ விகிதமுறு நிரலில் மட்டும் போட்டிருந்தார்கள். இரண்டு பேருமே √0.4̇ விகிதமுறா எண் என்றிருந்தார்கள். இருவரும் ஒரே இடத்தில் சறுக்கியிருக்கிறார்களே, அந்த இடத்தை நான் சரியாகப் படிப்பிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் அதையே திரும்ப எடுத்தேன்.

0.9̇ ஏன் இயற்கை எண் என்பதைப் பலகையில் எழுதினேன்.

x = 0.9999…
10x = 9.9999…
10x − x = 9
x = 1

0.9̇ என்பது 1-இன் இன்னொரு எழுத்துவடிவம். ஆகவே இயற்கை, முழு, விகிதமுறு என்று மூன்று நிரலிலும் வரவேண்டும். வெள்ளவத்தைக்காரி நம்பவில்லை. "ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு அல்லவா, டீச்சர்?" என்றாள். இது எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி. பதிலாக மூன்றிலொன்றைக் காட்டுவதுண்டு. 1/3 = 0.3̇ என்பதை எவரும் மறுப்பதில்லை. இரண்டு பக்கத்தையும் மூன்றால் பெருக்கினால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0.9̇. அப்படியும் முகத்தில் தெளிவு வராவிட்டால், "கொஞ்சம் குறைவு என்றால் எவ்வளவு குறைவு? அந்த வித்தியாசத்தை எழுதிக் காட்டும்" என்று கேட்பேன். 0.1 என்றால் அதிகம், 0.001 என்றாலும் அதிகம், எந்த நேர் எண்ணைச் சொன்னாலும் அதிகம். எழுதமுடியாத வித்தியாசம் பூச்சியம்தான். ஒன்பதுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன, இன்னும் போய்ச் சேரவில்லை என்று அவர்கள் கற்பனை செய்வதால் வரும் மயக்கம் இது. எழுதும் கைக்குத்தான் நேரம் எடுக்கிறது. எண் எங்கும் போய்க்கொண்டிருப்பதில்லை.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். பிறகு, "டீச்சர், அது சரி. ஆனால் 0.9 எப்படி ஒன்று ஆகும்?" என்றாள்.

"0.9 இல்லை பிள்ளை, 0.9 மீளும்."

"தாளில் அப்படி இல்லையே."

"உம்முடைய தாளைத் தாரும் பார்ப்போம்."

அவள் சொன்னது உண்மை. அவளிடம் இருந்தது போட்டோக் கொப்பியிலிருந்து எடுத்த போட்டோக் கொப்பி. முதற்படியிலேயே மங்கிப்போன தலைப்புள்ளி, இரண்டாம் படியில் அடியோடு போய்விட்டது. தசமப் புள்ளி கொஞ்சம் பெரியது, அது தப்பிவிட்டது. அவள் பார்த்தது 0.9, √0.4. நான் திருத்தியது 0.9̇, √0.4̇.

0.9 என்பது 9/10. அது விகிதமுறு நிரலில் மட்டும்தான் வரும், அவள் போட்டதும் அதுதான். √0.4 விகிதமுறா எண், அதையும் சரியாகத்தான் போட்டிருந்தாள். ஆகவே அவளுக்கு உரிய புள்ளி எட்டு அல்ல, பத்து. வெள்ளவத்தைக்காரிக்கு ஒன்பதுதான். திருத்தியபோது பின்னால் நின்றவள் இப்போது முன்னால் வந்துவிட்டாள். நாலு மில்லிமீற்றர் உயர எழுத்தின் மேலே ஒரு புள்ளி செய்த வேலை இது.

இதை நான் முன்பே கண்டுபிடித்திருக்கலாம். அவளுடைய தாளின் ஓரத்தில் பென்சிலால் √0.4 = √(4/10) = 2/√10 என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தாலே அவள் எந்த எண்ணை எடுத்துக்கொண்டு கணக்குச் செய்தாள் என்பது விளங்கியிருக்கும். நான் சரி போட்ட நிரலை மட்டும் பார்த்தேன். நான்கு நிரலில் சரி போடும் தாள்களில் இது எப்போதும் நடக்கக்கூடியது. விடை ஒன்றாக இருக்கும், அதற்குப் பின்னால் இருந்த யோசனை வேறு வேறாக இருக்கும்.

அப்படியானால் வெள்ளவத்தைக்காரியின் யோசனை என்ன? அவளிடம் நல்ல அச்சுப்படி இருந்தது, புள்ளி தெளிவாகத் தெரிந்தது. செய்கை ஒன்றும் எழுதவில்லை. கேட்டுத்தான் அறியவேண்டியிருந்தது.

"√16-ஐ எப்படி முடிவுசெய்தீர்?"

"நான்கு, டீச்சர். நேராக வருகிறது."

"√18?"

"வராது. ஆகவே விகிதமுறா."

"√2.25?"

"வராது."

அவளிடம் ஒரு விதி இருக்கிறது: வர்க்கமூலம் இயற்கை எண்ணாக வந்தால் அது விகிதமுறு, வராவிட்டால் விகிதமுறா. வேடிக்கை என்னவென்றால் இந்த விதி பிழையானது அல்ல. மூலக்குறிக்குள் இருப்பது இயற்கை எண்ணாக இருக்கும்வரை இது முற்றிலும் உண்மை. ஓர் இயற்கை எண்ணின் வர்க்கமூலம் ஒன்றில் இயற்கை எண்ணாக இருக்கும், அல்லது விகிதமுறா எண்ணாக இருக்கும். நடுவில் பின்னமாக ஒன்றும் வராது. √18 ஒரு பின்னம் என்று வைத்துக்கொள்வோம், p/q என்று. அப்போது p² = 18q². ஒரு வர்க்க எண்ணை முதன்மைக் காரணிகளாக உடைத்தால் ஒவ்வொரு காரணியும் சோடி சோடியாகத்தான் வரும். ஆகவே p²-இல் உள்ள 2-களின் எண்ணிக்கை இரட்டை. q²-இலும் இரட்டை. ஆனால் 18 = 2 × 3 × 3, அதில் ஒரேயொரு 2. வலப்பக்கத்தில் 2-களின் எண்ணிக்கை ஒற்றை ஆகிவிடுகிறது. ஒரே எண்ணை உடைக்கும்போது ஒரு பக்கம் இரட்டையும் மறுபக்கம் ஒற்றையும் வரமுடியாது. ஆகவே √18-ஐப் பின்னமாக எழுத வழியில்லை.

அவளுக்கு இந்த நிறுவல் தெரியாது. விதி மட்டும் கையில் இருந்தது, அதை மூலக்குறிக்குள் தசமம் இருந்த இடத்துக்கும் கொண்டுபோய்விட்டாள். அங்கே அது செல்லாது. 2.25 என்பது 225/100. மேலே 15-இன் வர்க்கம், கீழே 10-இன் வர்க்கம். மூலம் 15/10, அதாவது 1.5. இயற்கை எண் அல்ல, ஆனாலும் விகிதமுறு எண்.

மூலக்குறிக்குள் தசமமோ பின்னமோ இருந்தால் செய்யவேண்டியது இதுதான்: உள்ளே இருப்பதை முதலில் பின்னமாக எழுதி, இயன்றவரை சுருக்கவேண்டும். சுருக்கியபின் தொகுதியும் பகுதியும் இரண்டுமே வர்க்க எண்கள் என்றால் மூலம் விகிதமுறு. ஒன்றாவது வர்க்க எண் இல்லையென்றால் விகிதமுறா. சுருக்குவதைத் தவறவிட்டால் ஏமாறலாம். 8/18-இல் எட்டும் வர்க்க எண் அல்ல, பதினெட்டும் அல்ல. சுருக்கினால் 4/9, மூலம் 2/3.

இப்போது √0.4̇-ஐ எடுத்துக்கொண்டால், x = 0.444… என்று வைத்து, 10x − x = 4, x = 4/9. இரண்டும் வர்க்க எண்கள். மூலம் 2/3, அதாவது 0.6̇. புள்ளி இல்லாத √0.4-இல் உள்ளே இருப்பது 4/10. அவசரப்படுகிறவர்கள் நான்கைப் பார்த்ததும் 0.2 என்பார்கள். 0.2-இன் வர்க்கம் 0.04. 4/10-ஐச் சுருக்கினால் 2/5. 2 வர்க்க எண் அல்ல, 5-உம் அல்ல. ஆகவே விகிதமுறா.

வெள்ளவத்தைக்காரியின் மூன்று பிழையில் இரண்டு இந்த ஒரே விதியிலிருந்து வந்தவை. மூன்றாவது 0.9̇. அதைப் பின்னமாக மாற்றிப் பார்க்காமல், தசமமாகத் தெரிகிறதே என்று விகிதமுறு நிரலோடு நிறுத்திக்கொண்டாள்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் உண்மையான பிழைகள் இரண்டு. எனக்கு இவைதான் கூடுதல் சுவையாக இருந்தன.

1/17 விகிதமுறா எண் என்று எழுதியிருந்தாள். பின்னமாகவே அச்சிட்டிருக்கும் ஒன்றை எப்படி அப்படிச் சொல்லமுடியும் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அவள் தொலைபேசியிலுள்ள கணிப்பானில் 1-ஐ 17-ஆல் வகுத்துப் பார்த்திருக்கிறாள். திரையில் வந்தது:

```
0.05882352941
```

எதுவும் திரும்பி வரவில்லை. ஆகவே மீளாத தசமம், ஆகவே விகிதமுறா. அவளுடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை. திரை குறுகலாக இருந்ததுதான் குற்றம். 1/17-இன் மீளும் பகுதி பதினாறு இலக்கம் நீளமானது. திரை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 22/7-ஐயும் கணிப்பானில் போட்டிருக்கிறாள், அதில் ஆறு இலக்கம்தான் மீளும். 142857 என்பது வகுப்பில் ஏற்கெனவே பழகிய முகம் என்பதால் அங்கே தப்பிவிட்டாள். (அதே 22/7-ஐ இன்னொரு பையன் விகிதமுறா என்றான். "அது பை அல்லவா?" என்பது அவன் நியாயம். பை விகிதமுறா எண் என்பதை 1760களில் லம்பேர்ட் நிறுவினார். 22/7 அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு பின்னம், மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.)

கணிப்பானை வைத்துவிட்டுக் கையால் நெடும் பிரித்தல் செய்யச் சொன்னேன். முனகினாள், செய்தாள். ஒவ்வொரு படியிலும் வரும் மீதியைத் தனியே ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னேன். 1-இல் தொடங்கி இப்படி வந்தது:

1, 10, 15, 14, 4, 6, 9, 5, 16, 7, 2, 3, 13, 11, 8, 12, பிறகு மீண்டும் 1.

ஈவில் வந்த இலக்கங்கள் 0588235294117647. மீதி மறுபடி 1 ஆனதும் அவளே பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். இனிமேல் எல்லாம் முதலிலிருந்து அப்படியே வரும். இதில் முக்கியமானது ஈவு அல்ல, மீதிகளின் பட்டியல். 17-ஆல் வகுக்கும்போது வரக்கூடிய மீதிகள் 0 முதல் 16 வரை மட்டும். 0 வந்தால் தசமம் முடிந்துவிடும். வராவிட்டால் மிஞ்சியிருப்பவை பதினாறுதான், பதினேழாவது தடவை ஏதாவது ஒன்று திரும்பி வந்தே தீரவேண்டும். அவளுடைய பட்டியலில் பதினாறும் ஒவ்வொரு தடவை வந்துபோயிருந்தன. எந்தப் பின்னத்தின் தசமமும் முடியும், அல்லது மீளும். அது எவ்வளவு நீளத்துக்குப் பிறகு மீளும் என்பதுதான் பின்னத்துக்குப் பின்னம் வேறுபடும், அந்த நீளம் பகுதியைத் தாண்டாது. 3/8 முடிந்துவிடுவது, அதன் பகுதியில் 2 மட்டும் காரணியாக இருப்பதால். சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 2-உம் 5-உம் தவிர வேறு முதன்மைக் காரணி இருந்தால் தசமம் முடியாது.

இரண்டாவது பிழை 0.1010010001…. இதை விகிதமுறு என்றாள். "ஒழுங்கு இருக்கிறதே, டீச்சர். அடுத்தது என்ன வரும் என்று சொல்லமுடிகிறது." 1/17-இல் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே விகிதமுறா. இங்கே தெரிகிறது, ஆகவே விகிதமுறு. அவளுடைய இரண்டு பிழையும் இந்த ஒரே எண்ணத்தின் இரண்டு முகங்கள். ஆனால் ஒழுங்காக இருப்பது வேறு, மீள்வது வேறு. மீளும் தசமத்தில் குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு துண்டு மாறாமல் திரும்பத் திரும்ப வரவேண்டும். இந்த எண்ணில் பூச்சியங்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஐம்பது இலக்கத் துண்டு ஒன்று மீள்கிறது என்று யாராவது சொன்னால், நூறு பூச்சியம் தொடர்ந்து வரும் இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அந்த நூறுக்குள் துண்டு முழுதாக அடங்கிவிடும், அப்படியானால் துண்டு முழுதும் பூச்சியமாகவே இருக்கவேண்டும். ஆனால் அதற்குப் பிறகும் 1 வருகிறது. துண்டின் நீளத்தை எவ்வளவு கூட்டினாலும் இதே கதிதான்.

இதில் என் தாளின் பக்கமும் ஒரு குறை உண்டு. கடைசியில் நான் வைத்த மூன்று புள்ளிகள் தனியே எதையும் சொல்வதில்லை. பக்கத்தில் எழுதிய குறிப்பு இருந்ததால்தான் அந்த வினாவுக்கு விடை உண்டு. சில தாள்களில் 1.41421356… என்று மட்டும் கொடுத்து வகைப்படுத்தச் சொல்கிறார்கள். அது √2-ஆக இருக்கலாம், எட்டு இலக்கத்துக்குப் பிறகு மீளத் தொடங்கும் ஒரு பின்னமாகவும் இருக்கலாம். எத்தனை இலக்கம் அச்சிட்டாலும், அதோடு பொருந்திப்போகும் விகிதமுறு எண்ணும் உண்டு, விகிதமுறா எண்ணும் உண்டு. அப்படியொரு வினாவை வெறுமையாக விட்டுவரும் பிள்ளைக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன்.

தாளை மறுபடி அச்சிட்டேன். தலைப்புள்ளியோடு பக்கத்திலேயே "9 மீளும்", "4 மீளும்" என்று சொல்லாலும் எழுதினேன். எத்தனை தடவை படியெடுத்தாலும் சொல் புள்ளியைப் போல முழுதாக மறையாது. போட்டோக் கொப்பி இயந்திரத்தின் கண்ணாடியில் இருக்கும் தூசி, இல்லாத இடத்தில் புள்ளி வைப்பதையும் பார்த்திருக்கிறேன், அதற்கும் இது காவல். நான்கு நிரல்களுக்கு வலப்பக்கம் ஓர் அகலமான ஐந்தாவது நிரல் சேர்த்து, "பின்னமாக எழுதிப் பார்த்த செய்கை" என்று தலைப்பிட்டேன்.

அடுத்த கிழமை இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வேலை கொடுத்தேன். √0.1 முதல் √0.9 வரை ஒன்பது எண்கள், பிறகு அதே ஒன்பதும் தலைப்புள்ளியோடு. வெள்ளவத்தைக்காரி ஐந்தாம் நிரலில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனாள். மற்றவள் மூன்றாவதிலேயே நிறுத்திவிட்டு, புள்ளி இருந்தால் பகுதி எப்போதும் 9 தானே, அது ஏற்கெனவே வர்க்க எண், மேலே இருப்பதை மட்டும் பார்த்தால் போதும் என்றாள். அப்படிப் பார்த்ததில் 1, 4, 9 மூன்றும் தேறின: மூலங்கள் 1/3, 2/3, 1. புள்ளி இல்லாத பக்கத்தில் பகுதி 10, ஒன்பதில் ஒன்றுகூடத் தேறவில்லை.